கட்டணமில்லாத 10 நிமிடம்

வீவக கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து 10 நிமிடத்துக்குள் வெளியேறிவிட்டால் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினாலும் மத்திய வட்டாரத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசுதான். ஆனாலும் அந்த 10 நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பிரியாணி பொட்டலம் வாங்க, மருந்துக் கடையில் சீட்டைக் காட்ட, மூத்த பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் இறக்கிவிட என்று எல்லாம் '10 நிமிட வேலை'. பின்னிருக்கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது அதே 10 நிமிடம் வேறொன்றாக மாறிவிடுகிறது. காருக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு சனிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்வோம். மணி 12.50, வெளியே 32 டிகிரி. நம் ஊருக்கு இது சாதாரண நாள். உணவங்காடி நிலையத்தை ஒட்டிய திறந்தவெளி நிறுத்துமிடத்தில் கார் நிற்கிறது. ஒன்றரை வயதுப் பெண்குழந்தை பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். அப்பா வீட்டுக்குப் போன் செய்கிறார். அம்மா சொல்கிறார்: "தூங்கிட்டாளா? எழுப்பாதீங்க, இப்ப எழுப்புனா சாயங்காலம் வரைக்கும் அழுதுக்கிட்டே இருப்பா. ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடுங்க." குழந்தை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பேச்சு பழக்கம். இதில் அலட்சியம் எதுவும் இல்லை, குழந்தையின் தூக்கத்தைப் பற்றிய அக்கறைதான் இருக்கிறது. அதனால்தான் இதைத் தவறு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம், நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் அது நேர்தலைக்கு மேல் நிற்கும். அந்த நாள்களில் 1 மணிக்கு 12 மாடி புளோக்குக்குக்கூட நிழல் என்று சொல்லும்படி ஒன்றும் விழாது. ஜூனில் நிழல் புளோக்கின் தெற்குப் பக்கம் விழும், டிசம்பரில் வடக்குப் பக்கம். 'எப்போதும் நிழலாக இருக்கும் இடம்' என்று நாம் நினைத்து வைத்திருக்கும் இடம் பாதி வருடத்துக்குத்தான் அப்படி. போதாததற்கு, நண்பகலில்தான் நாம் மதிய உணவு வாங்கப் போகிறோம்.

இன்ஜினை அணைத்தவுடன் நடப்பதை முதலில் பார்ப்போம். காரின் முன்கண்ணாடி சாய்ந்து கிடப்பதால் தலைக்கு மேலிருந்து வரும் வெயிலை அது நன்றாக உள்ளே விடுகிறது. தெளிவான வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் கொண்டுவரும். எல்லாக் கண்ணாடிகளையும் சேர்த்துப் பார்த்தால், நடுத்தர அளவுக் காருக்குள் ஒரு கிலோவாட் அளவு வெப்பம் நுழைகிறது என்று கொள்வது மிகையில்லை. காரின் நடுவே ஒரு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி வைத்த மாதிரிதான். காருக்குள் இருக்கும் காற்றோ மொத்தம் மூன்று கன மீட்டர், எடை மூன்றரைக் கிலோ. அந்தக் காற்றை மட்டும் சூடாக்குவதாக இருந்தால் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு டிகிரி ஏற்ற நான்கு வினாடிகூட ஆகாது.

நல்ல வேளை, அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. வெயில் நேராகக் காற்றைச் சூடாக்குவதில்லை. முதலில் டேஷ்போர்டு, ஸ்டியரிங், இருக்கை, குழந்தை இருக்கையின் பிளாஸ்டிக் ஆகியவற்றின் மேல் விழுகிறது. அவை சூடாகி, அவற்றைத் தொடும் காற்று சூடாகிறது. திறந்த வெளியில் அந்தச் சூடான காற்று மேலே எழுந்து போய்விடும், கீழே புதிய காற்று வரும். மூடிய காரில் அது போக வழியில்லை. சூடான பொருள்கள் திருப்பி உமிழும் வெப்பக் கதிரும் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. வெப்பம் உள்ளே வரும் வழி அகலம், வெளியே போகும் வழி குறுகல்.

எவ்வளவு வேகம் என்பதை அமெரிக்காவில் பலமுறை அளந்திருக்கிறார்கள். ஜார்ஜியாவில் எடுத்த அளவுகளின்படி மூடிய காரின் உள்வெப்பம் முதல் 10 நிமிடத்தில் 7 டிகிரியும், அரை மணியில் 16 டிகிரியும், ஒரு மணி நேரத்தில் 26 டிகிரியும் ஏறலாம். கலிஃபோர்னியாவில் எடுத்த இன்னொரு வரிசை அளவுகள் முதல் 10 நிமிடத்துக்கே 10 டிகிரிக்கு மேல் காட்டுகின்றன, அரை மணிக்கு 19. இரண்டு பட்டியலிலும் ஒரே வடிவம் தெரிகிறது: ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே முடிந்துவிடுகிறது. 'கொஞ்ச நேரம்தானே' என்ற கணக்கு தப்பாவது இங்கேதான். ஆபத்தான பகுதி கடைசியில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது.

நம் சனிக்கிழமைக்கு வருவோம். கார் ஏர்கானில் 25 டிகிரியில் வந்து நின்றது. அந்தக் குளிர்ச்சி நம்மைக் காப்பாற்றும் என்று தோன்றும். குளிர்ந்திருந்தது பெரும்பாலும் காற்றுதான், கூரையும் டேஷ்போர்டும் அல்ல. வழியெல்லாம் வெயிலில் வந்த டேஷ்போர்டு ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். ஏர்கான் நின்ற சில நிமிடங்களில் உள்காற்று வெளியிலுள்ள 32 டிகிரியை எட்டிவிடும். அப்பா கடை வரிசையில் மூன்றாவதாக நிற்கும்போது, அதாவது 10 நிமிடம் ஆகும்போது, 39 முதல் 42 வரை இருக்கும். அவருக்கு முன்னால் நிற்பவர் அலுவலகத்துக்கென்று எட்டுப் பொட்டலம் கேட்கிறார். 20 நிமிடத்தில் 45ஐத் தாண்டும். இடையில் தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு விட்டால் 30 நிமிடம், ஏறக்குறைய 50. இவை அந்த அளவுகளைக் கொண்டு போட்ட மதிப்பீடு. கருப்பு உள்அலங்காரம், பெரிய முன்கண்ணாடி, சிறிய கார் என்றால் மேலே போகும். மேகம் மூடியிருந்தால் கீழே வரும்.

மேகத்தை நம்பி விடவும் வேண்டாம். மெல்லிய மேகத்தின் ஊடே வரும் சிதறிய ஒளியும் காரைச் சூடாக்கும். நம் வானத்தில் மேகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விலகுவது வரிசையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். கலிஃபோர்னிய அளவுகளில் ஜன்னலை ஒன்றரை அங்குலம் திறந்து வைத்தும் பார்த்தார்கள். ஏறும் வேகத்திலும் கடைசி வெப்பத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். உள்ளே வரும் ஒரு கிலோவாட்டைக் காற்றால் மட்டும் வெளியேற்றி, உள்வெப்பத்தை வெளியைவிட 10 டிகிரிக்குமேல் போகாமல் வைத்திருக்க வேண்டுமானால் வினாடிக்கு 80 லிட்டர் காற்று மாற வேண்டும். 20 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் நான்கின் அளவு காற்று ஒவ்வொரு வினாடியும் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். நண்பகலில் இலைகூட அசையாத நிறுத்துமிடத்தில் இரண்டு விரல் இடுக்கு வழியாக அது நடக்காது. திருட்டுப் பயத்தில் நாம் இறக்குவதும் ஒரு விரல் அளவுதான்.

நிழல் உதவும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. அரிசோனாவில் 2018இல் வெளியான ஆய்வில், 38 டிகிரிக்கு மேல் போன நாள்களில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரிக்குப் போனது. டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53, இருக்கை 51. நிழலில் நின்றவற்றில் காற்று 38, டேஷ்போர்டு 48. நிழலில் நின்ற காரில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து வரும், நேரம்தான் கூடுதல் என்பதே அந்த ஆய்வு கண்டது. பலமாடி நிறுத்துமிடத்தின் உள்தளங்கள் திறந்தவெளியைவிடப் பரவாயில்லை. மேல்தளம் அப்படியல்ல: கீழே சூடான கான்கிரீட், மேலே நேர் வெயில். சனிக்கிழமைகளில் காலியாகக் கிடப்பதும் அந்தத் தளம்தான்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. காரின் திரையில் காட்டும் 'வெளி வெப்பம் 34' என்பதை உள்வெப்பம் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உணரி பொதுவாக முன்பம்பருக்குப் பின்னால் இருக்கிறது, பின்னிருக்கையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பினால் சமையலறை டிஜிட்டல் வெப்பமானியைக் குழந்தையின் தலை உயரத்தில், வெயில் நேராகப் படாமல் தொங்கவிட்டு, ஆளில்லாத காரில் அரை மணி கழித்துப் பாருங்கள். வெயில் படும்படி வைத்தால் காற்றின் வெப்பம் தெரியாது, வெப்பமானியே சூடாகி அதன் சூட்டைத்தான் காட்டும்.

இனி குழந்தையின் உடலுக்கு வருவோம். பெரியவரைவிடக் குழந்தையின் உடல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்று சொல்வார்கள். ஏன் என்று விளக்குவது குறைவு. 10 கிலோ எடையுள்ள குழந்தை தூங்கும்போதும் அதன் உடல் ஏறக்குறைய 27 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ உடல் ஒரு டிகிரி ஏற 20 நிமிடம் சொச்சம் ஆகும். 70 கிலோ பெரியவருக்கு அதே கணக்கில் முக்கால் மணி நேரம். இது வெளியிலிருந்து எந்தச் சூடும் வராதபோது. காருக்குள் காற்றே தோலைவிடச் சூடாக இருப்பதால், 36 டிகிரியைத் தாண்டியதிலிருந்து காற்று உடலைக் குளிர்விப்பதை விட்டுவிட்டுச் சூடாக்கத் தொடங்குகிறது. கொதிக்கும் டேஷ்போர்டும் கூரையும் கதிர் வழியாக இன்னும் கொடுக்கின்றன. உடலே உண்டாக்கும் அளவு வெப்பம் வெளியிலிருந்தும் சேர்ந்தால் 10 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 37இல் தொடங்கி, வெப்பத் தாக்குதலின் எல்லையான 40ஐத் தொட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். அரிசோனா ஆய்வும் இரண்டு வயதுக் குழந்தைக்கு வெயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றுதான் கணித்தது.

மீதி இருக்கும் ஒரே காப்பு வியர்வை. அது உலர்ந்தால்தான் உடல் குளிரும், வழிந்தோடினால் பயனில்லை. நம் ஊர்க் காற்றில் கன மீட்டருக்கு 22, 23 கிராம் நீராவி எப்போதும் இருக்கிறது. காரில் மூன்று கன மீட்டர் என்றால் 70 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அரை டம்ளர் தண்ணீர்கூட இல்லை. மூடிய காரில் குழந்தையின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து இன்னொரு 30, 40 கிராம் கொடுத்தால் காற்றின் ஈரம் ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடும். வெயிலில் சூடான காரின் காற்று நம் மூக்குக்கு வறண்டதாகத்தான் தோன்றும். அது ஏமாற்றம், ஈரம் போய்விடவில்லை. காற்று அசையாமலும் இருப்பதால் தோலை ஒட்டிய ஈரப்படலம் அப்படியே தங்கிவிடும்.

குழந்தை இருக்கை இதைக் கெடுக்கிறது. பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் முதுகும் பக்கங்களும் தடித்த நுரைப்பஞ்சுக்குள் பதிந்திருக்கும். நெஞ்சில் பட்டை. ஆக வியர்வை உலர வாய்ப்புள்ள தோல் முகமும் கைகாலும்தான். பயணம் முடிந்து குழந்தையைத் தூக்கும்போது முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரில் அது எப்போதும் அப்படித்தான். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை சட்டப்படி கட்டாயம், அதை விட முடியாது. ஆகவே இருக்கையில் குழந்தை இருக்கும்போது பெரியவரும் காரில் இருக்க வேண்டும். பட்டையின் உலோகக் கொக்கியைப் பற்றி ஒன்று: வெயிலில் அது 60 டிகிரிக்குப் போனால் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தையை உட்கார வைக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது நிறுத்தி வைக்கும்போது அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.

நாய் பூனைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். நாய் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி இரைத்துத்தான் குளிர்விக்கும். நாக்கிலும் மூக்கிலும் இருந்து நீர் ஆவியாவதுதான் அதன் ஏர்கான். மூடிய காருக்குள் அது இரைக்க இரைக்கக் காற்றின் ஈரம் கூடிக்கொண்டே போகும், ஈரம் கூடக்கூட இரைப்பதால் வரும் பயன் குறையும். இரைப்பதற்கும் தசை உழைக்க வேண்டும், அந்த உழைப்பே மேலும் வெப்பத்தைக் கொடுக்கும். வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறு நாய் வகைகளில் பக், ஷிஹ் சூ போன்ற தட்டை மூக்கு இனங்களும் உண்டு. இவற்றின் சுருங்கிய மூச்சுப்பாதை இந்த வேலைக்கு ஏற்றதல்ல. நாயின் சாதாரண வெப்பம் 38க்கும் 39க்கும் இடையே. 41ஐத் தாண்டினால் வெப்பத் தாக்குதல். அதாவது நமக்கிருப்பதைவிட இடைவெளி குறைவு. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனையும் வளர்க்கலாம் என்பதால் மருத்துவரிடம் கொண்டு போகும் பிளாஸ்டிக் கூண்டுகள் காரில் கூடுதலாகத் தெரிகின்றன. அந்தக் கூண்டு காருக்குள் இன்னொரு கார். சிறு துளைகள், அசையாத காற்று. பூனை வாயைத் திறந்து இரைக்கிறது என்றால் பயம் மட்டுமல்ல, சூடு எல்லை தாண்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏர்கானைப் போட்டுவிட்டுப் போகலாமே? பலரும் அப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறார்கள். நிறுத்திய வண்டியின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் தண்டம் விதிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், காரில் யாரும் இல்லாதபோது இயந்திரம் நின்றுவிட்டால் உங்களுக்குத் தெரியாது. சில கார்கள் குறிப்பிட்ட நேரத்தில் தாமே அணையும். மின்சாரக் கார்களில் நாய்க்காகவே தனி முறை வைத்திருக்கிறார்கள். டெஸ்லா 2019இல் கொண்டுவந்தது, உள்வெப்பத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும். நாயோடு ஐந்து நிமிடம் இறங்கிப் போகிறவருக்கு அது உதவலாம், மின்கலம் குறைந்தால் அது நின்றுவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால். குழந்தைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. வெப்பம் சரியாகவே இருந்தாலும், தூக்கம் கலைந்த மூன்று வயதுப் பிள்ளை பட்டையை அவிழ்த்துக்கொண்டு முன்னிருக்கைக்கு வந்து கியரைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

மறந்துவிடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நீட்டாமல். அமெரிக்காவில் 1998 முதல் காருக்குள் வெப்பத்தால் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மறக்கப்பட்டவர்கள், ஏறக்குறைய கால் பங்கு தாமாக ஏறி மாட்டிக்கொண்டவர்கள், தெரிந்தே விடப்பட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மறந்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். வழக்கமாக மனைவி பாலர்பள்ளியில் விடுவார், இன்று கணவர் விடுகிறார். குழந்தை தூங்கிவிடுகிறது, பின்னோக்கிய இருக்கை காலியாக இருந்தாலும் ஆள் இருந்தாலும் கண்ணாடியில் ஒரே மாதிரி தெரியும். பழக்கம் வண்டியை நேராக அலுவலகத்துக்கு ஓட்டிப் போய்விடும். மன்னிப்புக்கும் தண்டனைக்கும் அப்பால், நினைவாற்றலைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்யக்கூடியது எளிது: வழக்கம் மாறும் நாளில் கைப்பேசியையோ நுழைவு அட்டையையோ இடது காலணியையோ பின்னிருக்கையில் வைப்பது. காலணி பழைய உத்தி, வேலை செய்யும். பிள்ளை வராவிட்டால் உடனே அழைக்கும்படி பாலர்பள்ளியில் சொல்லி வைப்பது இன்னும் உறுதி. வண்டியின் பின்கதவு நினைவூட்டல் கதவு திறந்த வரிசையை மட்டுமே பார்க்கும், ஆளைப் பார்க்காது. ரேடார் கொண்டு மூச்சசைவையே கண்டுபிடிக்கும் முறை புதிய கார்களில் வருகிறது, கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2023 முதல் அதற்கு மதிப்பெண் தருகிறது. பழைய காரில் அதை எதிர்பார்க்க முடியாது.

தாமாக ஏறிக்கொள்வதும் நம் சூழலில் நடக்கக்கூடியதே. சாவியை விளையாடக் கொடுத்துவிட்டுச் சாமான் ஏற்றுவது, சாவிப்பையைப் பின்னிருக்கையில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்துவது. சாவி உள்ளே இருந்தால் கார் பூட்டிக்கொள்ளாது என்பது பொதுவாக உண்மை. சாவியின் பேட்டரி தளர்ந்துவிட்டால் அந்த உறுதி இல்லை. கதவைச் சாத்தும்போது சாவி உங்கள் கையிலோ சட்டைப்பையிலோ இருக்க வேண்டும், வேறெங்கும் அல்ல.

நிறுத்துமிடத்தில் அப்படி ஒரு குழந்தையைக் கண்டால் செய்ய வேண்டியது. முதலில் எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பாருங்கள், ஒன்று பூட்டாமல் இருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. குழந்தை விழித்து, அழுதுகொண்டு, உங்களைப் பார்க்கிறதென்றால் 995ஐ அழைத்துவிட்டு ஒருவரை உரிமையாளரைத் தேட அனுப்பலாம். பதில் சொல்லாமல் தளர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், அழைப்பில் உள்ளவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை உடைக்க வேண்டியதுதான். குழந்தை இல்லாத பக்கத்து ஜன்னலை, கீழ் மூலையில், கூர்மையான கடினப் பொருளால் அடியுங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவே பிளாஸ்டிக், விரிசல் விட்டாலும் பெயர்ந்து வராது. சில புதிய கார்களின் முன்பக்கக் கதவுக் கண்ணாடியும் அப்படித்தான், அதனால் பின்கதவு நல்லது. நாய் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குப் பிரிவை 1800-476-1600இல் அழைக்கலாம், சுருண்டு விழுந்திருந்தால் அதற்கும் காத்திருக்க நேரமில்லை.

வெளியே எடுத்ததும் நிழலுக்கோ ஏர்கான் அறைக்கோ கொண்டு போய், ஆடையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி தேடி ஓட வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும், அது உடலைவிடப் பத்து டிகிரி குளிர். ஈரத்துணியைப் போர்த்தி விட்டுவிட்டால் அதுவே சூடாகிப் போர்வையாகிவிடும். துடைத்து, மீண்டும் ஊற்றி, விசிறுங்கள். நாய்க்கும் இதே வழி. அது மெல்ல நிலைக்கு வரும்வரை காத்திருக்காமல், குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு போங்கள். சுயநினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாரசிட்டமால் கொடுப்பது வீண். காய்ச்சலில் மூளையே வெப்பத்தை உயர்த்தி வைத்திருக்கும், மருந்து அதைத்தான் இறக்கும். இங்கே மூளை உயர்த்தவில்லை, வெளிச்சூடு ஏற்றியது. நெற்றியில் வைக்கும் வெப்பமானியும் நம்பத்தக்கதல்ல. வியர்த்த நெற்றி, தண்ணீர் ஊற்றிய நெற்றி குறைவாகக் காட்டும். உள்ளே 40க்கு மேல் இருக்கும்போது அது 37.8 என்று சொல்லக்கூடும்.

குழந்தை கண் திறந்து, அழுது, பால் குடித்துவிட்டதென்றால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். போகக் கூடாது. வெப்பத் தாக்குதலில் கல்லீரல், சிறுநீரகம், இரத்த உறைவு ஆகியவற்றின் சேதம் பெரும்பாலும் அன்றே தெரியாது, இரத்தப் பரிசோதனையில் ஒன்று இரண்டு நாள்கள் கழித்துத்தான் தெரியவரும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ சிறார் அவசரப் பிரிவில் காட்டி, எத்தனை நிமிடம் காருக்குள் இருந்தது, எடுத்தபோது எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கண்காணிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அந்த நிமிடக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்.